நாலு ஃபண்டு வச்சிருந்தா ரிஸ்க் குறைஞ்சிடுமா?

பெரும்பாலும் பெரிய கம்பெனி பங்குகளையே வாங்கற லார்ஜ் கேப் மியூச்சுவல் ஃபண்டு நாலுல மாசாமாசம் எஸ்ஐபி போட்டுட்டு பணத்தைப் பிரிச்சு வச்சாச்சுன்னு நிறைய பேர் நெனைக்கறாங்க, ஆனா நாலோட ஃபேக்ட்ஷீட்டையும் எடுத்து டாப் 10 பங்குகளைப் பாருங்க, ஹெச்டிஎஃப்சி பேங்க், ஐசிஐசிஐ பேங்க், ரிலையன்ஸ்னு பெரும்பாலும் அதே பேர்தான் வரும், விழுந்தா நாலும் சேர்ந்தேதான் விழும்.

2020 ஜனவரி உச்சத்துலேர்ந்து மார்ச் 23க்குள்ள நிஃப்டி சுமார் 38% இறங்குச்சு. 10 லட்சமும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுல இருந்திருந்தா 3.8 லட்சம் காலி (பேப்பர்லதான், இருந்தாலும் வயித்தக் கலக்கும்). 4 லட்சம் மட்டும் அதுல போட்டு மீதி 6 லட்சம் எஃப்டியில இருந்திருந்தா நஷ்டம் ஒன்றரை லட்சம் சொச்சம். குறைஞ்சுதே தவிர இல்லாம போகல.

அந்த எஃப்டியையும் ரெண்டு பேங்க்ல பிரிச்சுப் போடுங்க, டெபாசிட் இன்சூரன்ஸ் ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல வட்டியோட சேர்த்து 5 லட்சம் வரைக்கும்தான்.