எண்கள் நிறைந்த கணக்கைத் தமிழாக்கியது எப்படி

டிப்ளமோ சிவில் வினாத்தாள் ஒன்று சரிபார்க்க என்னிடம் வந்தது. ஆங்கில வினா தெளிவாக இருந்தது: 6 மீட்டர் நீளமுள்ள, இரு முனையிலும் எளிதாகத் தாங்கப்பட்ட உத்திரம், இடது பாதி முழுக்க 20 kN/m சீரான பளு, இடது தாங்கியிலிருந்து 4 மீட்டரில் 30 kN புள்ளிப் பளு. தமிழில் இது ஒரே நீண்ட வாக்கியமாக இருந்தது. 4 மீட்டரை எங்கிருந்து அளப்பது என்பது அதில் புரியவில்லை.

ஆங்கிலத்தை மூடிவிட்டுத் தமிழை மட்டும் பார்த்துக் கணக்கைப் போட்டேன். இடமிருந்து அளந்தால் இடது தாங்கியில் 55 kN, வலதில் 35 kN எதிர்விசை. வலமிருந்து அளந்தால் 65, 25. இரண்டிலும் கூட்டுத்தொகை 90 தான். அதனால் எதிர்விசைகளைக் கூட்டிப் பார்க்கிற மாணவருக்குத் தவறு தெரியவே தெரியாது!

சரி, வாக்கியத்தை உடைத்தேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு பளு. அது எங்கே இருக்கிறது என்பது முதலில், அளவு அப்புறம்: "இடது தாங்கியிலிருந்து 4 m தொலைவில் ஒரு புள்ளிப் பளு உள்ளது. அதன் அளவு 30 kN." நீளம் கூடியது, பரவாயில்லை. குறியீடுகளையும் அலகுகளையும் தொடவில்லை. மாணவர் எழுதப்போகும் சூத்திரத்திலும் அவைதானே வரும்.

அட்டவணைகளை இரண்டு முறை தட்டச்சு செய்வதையும் நிறுத்தினேன். இப்போது ஒரே அட்டவணை, தலைப்புகள் மட்டும் இரு மொழியில். பிழை திருத்தும்போது எண்ணை ஓரிடத்தில் மாற்றினால் போதும்.