ஜி.ஹெச். வாசலில் இட்லிக் கடை: எத்தனை மணிக்கு, என்ன விலைக்கு?

உள்நோயாளிக்குப் பால், பிரெட், சாப்பாடு எல்லாம் அரசு மருத்துவமனையே கொடுத்துவிடும். கடைக்கு வருவது பெரும்பாலும் அவருக்குத் துணையாக இருப்பவர்தான். அவரிடம் காசும் குறைவு, நேரமும் குறைவு.

படி 1: மூன்று நாள் வேடிக்கை பாருங்கள்

அடுப்பு வாங்குவதற்கு முன், காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை கேட் எதிரே நில்லுங்கள். கால் மணிக்கு ஒரு முறை, கையில் பிளாஸ்கோ தூக்குவாளியோ வைத்துக்கொண்டு வெளியே வருபவர்களை எண்ணி நோட்டில் கோடு போடுங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன் செக்யூரிட்டி, "அட்டெண்டர் எல்லாம் வெளிய வாங்க" என்று விரட்டுவார். அந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ரவுண்ட்ஸுக்கு முன்பே நோயாளிக்கு ஊட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஆறு மணிக்கே ஓடி வருபவர்கள்தான் உங்கள் முதல் கூட்டம்.

படி 2: அம்மா உணவகம் இருக்கிறதா?

வளாகத்துக்குள் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைத்தால் விலையில் நீங்கள் போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். சென்னையில் அங்கே காலை ஏழு மணிக்குத்தான் கதவு திறக்கும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் உங்களுடையது. மதியத்தில் அன்னதான வண்டி வரும் இடமென்றால், அந்த வேளையை விட்டுவிடுங்கள்.

படி 3: விலை

நாலு கிலோ இட்லி அரிசி, ஒரு கிலோ உளுந்து. சுமார் 180 இட்லி வரும். நாலு இட்லி வீதம் 45 பொட்டலம். ஒரு மாதிரிக் கணக்கு இது (உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்): அரிசி 200, உளுந்து 140, சாம்பார் 250, சட்னி 200, கேஸ் 120, பார்சல் 90. மொத்தம் 1,000 ரூபாய். ஒரு பொட்டலம் 30 ரூபாய் என்றால் 34வது பொட்டலத்தில்தான் போட்ட காசு திரும்பும். லாபம் முழுக்கக் கடைசிப் பதினொன்றில் இருக்கிறது. பத்து மிஞ்சினால் கையில் 50 ரூபாய்தான்.

அதனால் மாவை மொத்தமாக ஊற்றாதீர்கள். ஆள் நிற்பதைப் பார்த்து ஒவ்வொரு ஈடாக வேக வையுங்கள். மிஞ்சிய மாவு, ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளுக்கு ஆகும். மிஞ்சிய இட்லி ஆகாது. 28 ரூபாய், 33 ரூபாய் என்றும் வைக்காதீர்கள். ஆறு மணிக்குச் சில்லறை தேடினால் வரிசை கலைந்துவிடும்.

நான் ஆரம்பத்தில் செய்த தப்பு, சாம்பாரில் காரம். ஒரு அக்கா, "இது எனக்கு சரிப்பா, உள்ள இருக்குறவருக்கு ஆகாதே" என்று திருப்பிக் கொடுத்தார். அப்புறம் காரமில்லாத பருப்புத் தண்ணி தனியாக ஒரு பாத்திரத்தில் வைத்தேன். பிளாஸ்குக்கு வெந்நீரும் சும்மாவே ஊற்றிக் கொடுத்தேன். வெந்நீருக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ரெண்டு இட்லியாவது கட்டச் சொன்னார்கள்.