எல்லோர் முன்னாலும் முடிவை மட்டம் தட்டுபவர்: எனக்குக் கைகொடுத்த வழி

மென்பொருள் ரிலீஸ் தேதியை நான் குழுவிடம் அறிவித்ததுமே, குழுவில் ஒருவர் "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிரிப்பார். அங்கேயே மல்லுக்கு நின்றால் அவருக்கு மேடை கிடைத்துவிடும். கண்டுகொள்ளாமல் விட்டால், முடிவு இன்னும் உறுதியாகவில்லை என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அதனால் குரலை உயர்த்தாமல், "தேதி இதுதான். உங்கள் காரணத்தை நாலு மணிக்குத் தனியாகக் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனேன்.

தனிப் பேச்சு அன்றைக்கே நடக்க வேண்டும். ஆறப்போட்டால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பார்கள். "உங்கள் போக்கு சரியில்லை" என்று தொடங்கினால் பேச்சு அதோடு முடிந்தது. அவர் சொன்ன வார்த்தையையும் அதன் விளைவையும் மட்டும் வைத்தேன்: "நீங்கள் சிரித்த பிறகு டெஸ்டிங் ஆட்கள் இருவர் வேலையைத் தொடங்கவே இல்லை." பிறகு அவருடைய காரணத்தைக் கேட்டேன். டெஸ்டிங்குக்கு நாள் போதாது என்றார். நியாயம்தான். ஒரு வசதியை அடுத்த ரிலீஸுக்குத் தள்ளினோம், தேதி மாறவில்லை. மறுநாள் அதை அவர் பெயரைச் சொல்லியே குழுவிடம் அறிவித்தேன்.

முடிவுக்கு முன் எவ்வளவும் வாதாடலாம், முடிவான பின் தனியாக மட்டும் என்று பேசியதை இரண்டு வரி மெயிலில் அனுப்பினேன். பாதுகாப்புச் சிக்கல் என்றால் மட்டும் யாரும் எங்கேயும் சொல்லலாம். உங்கள் நாற்காலிமீதே கண் வைத்திருப்பவரிடம் இது பலிக்காது. அங்கே தேதி, சொன்ன வார்த்தை, விளைவு மூன்றையும் குறித்து வைத்து மேலாளரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.