கருப்பு மண்ணுக்கு அடியில் செம்மண்: ஒரு ஏக்கர் உழவுக்கு எத்தனை லிட்டர் டீசல்?

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் உழவு ஓட்டுகிறவர்களிடம் "ஏக்கருக்கு எவ்வளவு டீசல் ஆகும்?" என்று கேட்டால் ஒருவர் மூன்று லிட்டர் என்பார், இன்னொருவர் ஏழு என்பார். இரண்டும் சரியாக இருக்கலாம். நம் மலைத் தோட்டத்தில் மேலே இருப்பது மக்கு நிறைந்த கருப்பு மண். அதற்குக் கீழே பிசுபிசுப்பான செம்மண், சில இடங்களில் மஞ்சள் மண். கலப்பை ஆழம் போகப் போக மண்ணின் வகையே மாறிவிடுகிறது. அதனால் சமவெளியில் சொல்கிற கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் தோட்டத்தில் நாமே அளந்து பார்க்க வேண்டும். புதிதாக டிராக்டர் வாங்கியவர்களும் வாடகைக்கு ஓட்டுகிறவர்களும் ஒரே நாளில் செய்து முடிக்கக்கூடிய வேலைதான் இது.

படி 1: முதலில் மண்வெட்டி

டிராக்டரைக் கிளப்புவதற்கு முன்னால் தோட்டத்தில் ஐந்தாறு இடத்தில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். குழியின் ஒரு பக்கச் சுவரை மண்வெட்டியால் நேராகச் சீவிவிட்டால் கருப்பு எங்கே முடிகிறது, சிவப்பு எங்கே தொடங்குகிறது என்பது கோடு போட்டதுபோலத் தெரியும். மேலிருந்து அந்தக் கோடு வரை ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

படிப்படியாக வெட்டிய நிலம் என்றால், மலைப்பக்க ஓரத்தில் ஒரு குழி, வெளி ஓரத்தில் ஒரு குழி கட்டாயம் வேண்டும். படி வெட்டும்போது உள்பக்க மண்ணை வெட்டித்தான் வெளிப்பக்கம் நிரப்பியிருப்பார்கள். அதனால் உள் ஓரத்தில் கருப்பு மண் நாலு விரல்கூட இருக்காது, வெளி ஓரத்தில் முழங்கை அளவு இருக்கும்.

படி 2: ஈரம் பார்ப்பது

மேல்மண் பொலபொலவென்று இருப்பதை வைத்து ஏமாந்துவிடக் கூடாது. குழியின் அடியிலிருந்து ஒரு பிடி செம்மண்ணை எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உடைந்து சிதறினால் உழலாம். தட்டையாக அப்பிக்கொண்டால் இரண்டு நாள் பொறுங்கள். இந்த ஈரத்தில் கொழு போன தடத்தைக் குனிந்து பார்த்தால் சாணி மெழுகிய தரைபோலப் பளபளக்கும். டீசலும் போகும், தண்ணீர் இறங்க முடியாத ஒரு தளமும் அடியில் உருவாகிவிடும். எதிர்ப்பக்கம், நன்றாகக் காய்ந்த செம்மண் கல்போல இருக்கும், அதிலும் டீசல் கூடத்தான் ஆகும்.

படி 3: மூன்று பட்டை பிரிப்பது

ஒரே மாதிரி மண் உள்ள இடமாகப் பார்த்து, சம அளவில் மூன்று பட்டை பிரியுங்கள். ஒவ்வொரு பட்டையையும் ஒவ்வொரு ஆழத்தில் உழுது, ஆகிற டீசலை ஒப்பிடத்தான் இது. நாங்கள் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிற சமமான கிழங்குத் தோட்டத்தில் பிரித்தோம். ஒவ்வொரு பட்டையும் 58 மீட்டர் நீளம், 28 மீட்டர் அகலம். பெருக்கினால் 1,624 சதுர மீட்டர். இதை 40.47 ஆல் வகுத்தால் சென்ட் வந்துவிடும்: 40 சென்ட். வரப்பு வளைந்திருந்தால் அகலத்தை மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள்.

பத்து சென்ட், பதினைந்து சென்ட் என்று சின்னதாகப் பிரிக்காதீர்கள். அவ்வளவு சின்ன இடத்தில் அரை லிட்டர்தான் செலவாகும். ஊற்றும்போது நூறு மில்லி தவறினால் கணக்கு ஐந்தில் ஒரு பங்கு தப்பாகிவிடும்.

படி 4: டேங்க் நிரப்பி அளப்பது

முழுக் கணக்கும் நிற்பது இந்தப் படியில்தான், கொஞ்சம் பொறுமையாகச் செய்யுங்கள். சமதளமான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து நான்கு டயர் நின்ற இடத்திலும் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். இன்ஜினை நிறுத்தி, சூடு தணிந்த பிறகு டேங்கின் கழுத்து வரை டீசல் ஊற்றுங்கள். நுரை அடங்கியதும் மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். கழுத்தில் ஒரு குச்சியை விட்டு, மட்டம் நிற்கிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டையை உழுது முடித்ததும் அதே கோட்டில், அதே திசையில் கொண்டுவந்து நிறுத்தி, குறி வரை திரும்ப ஊற்றுங்கள். ஒரு லிட்டர் அளவுக் குவளையால் ஊற்றி, கடைசிச் சொச்சத்துக்கு மாட்டு மருத்துவர் பயன்படுத்துகிற 50 மில்லி சிரிஞ்ச் வைத்துக்கொண்டால் போதும்.

முதல் தடவை நான் இதில் தவறினேன். தோட்டத்து வழி சரிவாக இருந்தது. நிரப்பியபோது வண்டியின் மூக்கு கீழ்நோக்கி இருந்தது, திரும்பி வந்தபோது மேல்நோக்கி நின்றது. வண்டி சாய்ந்திருந்தால் டேங்கின் ஒரு மூலையில் காற்று தங்கிவிடும், அந்த இடத்தில் டீசல் போகாது. எனக்குக் கிடைத்த விடை ஏக்கருக்கு ஒன்றரை லிட்டர். ஐந்து கொத்துக் கலப்பையில் அது நடக்கவே நடக்காது. ஒரு நாள் வேலை வீணாயிற்று.

படி 5: ஆழத்தை உறுதி செய்வது

கலப்பையை ஏற்றி இறக்குகிற லீவரில் இருக்கிற எண்களை நம்ப வேண்டாம். உழாத மண்ணின் மேல் ஒரு நேரான சட்டத்தைக் கிடையாக வைத்து, கொழு போன தடத்தின் அடி வரை ஸ்கேலை இறக்கி அளக்க வேண்டும். உழுத மண் உப்பியிருக்கும், அதன் மேலிருந்து அளந்தால் ஆழம் கூடுதலாகக் காட்டும். ஒரு பட்டைக்குப் பத்து இடத்திலாவது பாருங்கள்.

மூன்று பட்டைக்கும் ஒரே கியர், ஒரே ஆர்.பி.எம்., ஒரே ஓட்டுநர். எங்களுக்கு ஓட்டியது சித்தப்பா. மூன்றாவது பட்டையில் இன்ஜின் சத்தம் மாறியதும் அவர் கை தானாக லீவரைத் தூக்கப் போனது. "சித்தப்பா, இன்னைக்கு மட்டும் தூக்காதீங்க, ஆழம் மாறினா கணக்கு போயிடும்" என்று நடுவில் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் தோட்டத்துக் கணக்கு

45 குதிரைத்திறன் டிராக்டர், ஐந்து கொத்துக் கலப்பை, முதல் சால் உழவு. குழிகளில் கருப்பு மண் 16 சென்டிமீட்டர் வரை இருந்தது. முதல் பட்டையை 12 சென்டிமீட்டர் ஆழம் உழுதோம், திரும்ப ஊற்றியது 1,360 மில்லி. இரண்டாவது, 16 சென்டிமீட்டர், 1,640 மில்லி. மூன்றாவது 22 சென்டிமீட்டர், 2,520 மில்லி. 40 சென்டுக்கான அளவை இரண்டரையால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு: 3.4 லிட்டர், 4.1 லிட்டர், 6.3 லிட்டர்.

கேனில் மலைக்கு ஏற்றிவந்த கூலியையும் சேர்த்து லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12லிருந்து 16 சென்டிமீட்டருக்கு இறங்க ஏக்கருக்கு 70 ரூபாய் கூடுகிறது. சென்டிமீட்டருக்குப் பதினேழரை ரூபாய். 16லிருந்து 22க்கு இறங்க 220 ரூபாய், அதாவது சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 37 ரூபாய். கருப்புக் கோட்டைத் தாண்டியதும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் இரண்டு மடங்குக்கு மேல் விலை கேட்கிறது. களிப்பான மண்ணில் துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும், கொழுவிலும் ஒட்டும். மக்கு நிறைந்த மண் உதிர்ந்து விலகிவிடும். வித்தியாசத்தில் பெரும்பங்கு இதனால் வருவது.

முதல் இரண்டு அளவிலிருந்து இன்னொன்றும் தெரியும். கருப்பு மண்ணில் ஒரு சென்டிமீட்டருக்கு 0.175 லிட்டர் ஆகிறது. அப்படியானால் 12 சென்டிமீட்டருக்கு 2.1 லிட்டர்தான் ஆக வேண்டும். ஆனால் செலவானது 3.4. மீதி 1.3 லிட்டர் மண்ணைக் கிளறவே இல்லை. வண்டி தன் எடையை நகர்த்தவும், வரப்போரம் மடக்கித் திருப்பவும் போனது அது. 58 மீட்டர் நீளப் பட்டையிலேயே இவ்வளவு. இருபது மீட்டர் நீளமுள்ள சின்னப் படிகளில் திருப்பம் மூன்று மடங்காகும், இந்தப் பங்கும் அதற்கேற்ப ஏறும். அதனால் எப்போதும் நீளவாக்கில் ஓட்டுங்கள்.

படி 6: டயர் வழுக்கலைப் பார்ப்பது

செம்மண்ணில் ஏறிய செலவு முழுவதும் மண்ணின் எதிர்ப்பா, சக்கரம் சும்மா சுற்றியதும் அதில் இருக்கிறதா என்பதைப் பிரித்தறிய ஒரு சுலபமான வழி உண்டு. பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிவைத்துப் பத்துச் சுற்று ஓட்டி, போன தூரத்தை அளங்கள். அப்புறம் கலப்பையை இறக்கி அதே பத்துச் சுற்று. எங்களுக்குத் தூக்கியபோது 39 மீட்டர், 16 சென்டிமீட்டர் ஆழத்தில் 34.5, 22 சென்டிமீட்டரில் 30.5. எவ்வளவு தூரம் குறைந்ததோ அதை 39 ஆல் வகுத்தால் முதலாவது 11.5 சதவீதம், இரண்டாவது 22 சதவீதம். மண்ணில் 8 முதல் 15 சதவீதம் வரை வழுக்கல் இருப்பது இயல்பு. 20ஐத் தாண்டினால் டீசலும் டயரும் சேர்ந்து தேய்கின்றன. பின் சக்கரத்தில் எடை கூட்டினால் இது குறையும், ஆனால் செம்மண்ணின் எதிர்ப்பு அப்படியேதான் இருக்கும்.

புகையையும் கவனியுங்கள். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினுக்கு அவ்வளவு காற்றுக் குறைந்தால் இழுவையும் குறையும். பாரம் ஏறும்போது கரும்புகை விடாமல் வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை என்று அர்த்தம். உடனே ஒரு கியர் இறக்குங்கள், அல்லது கலப்பையைக் கொஞ்சம் தூக்குங்கள்.

எவ்வளவு ஆழம் போதும்?

பூண்டு, பீன்ஸ் போடுகிற இடத்தில் நாங்கள் இப்போது கருப்புக் கோட்டைத் தாண்டுவதில்லை, 15 சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்கிறோம். கேரட்டுக்கு அது போதாது. மண் இளகாவிட்டால் வேர் கவட்டையாகப் பிரிந்து விலை போகாது. அங்கே 220 ரூபாய் கூடுதல் டீசலை நான் மனசார ஏற்றுக்கொள்வேன். ஆனால் அதற்கு முன்னால், கருப்பு மண் ஆழமாக உள்ள இடம் வேறு இருக்கிறதா என்று குழிக் குறிப்பைப் பார்ப்பேன். சட்டிக் கலப்பை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அது செம்மண்ணைப் புரட்டி மேலே போட்டுவிடும். புளிப்புத் தன்மையும் சத்துக் குறைவும் உள்ள அந்த மண்ணில் விதை முளைத்து வருவது சிரமம்.

இந்த வருடம் எங்கள் படி நிலங்களில் இதை வைத்துத்தான் ஓட்டினோம். வெளி ஓரத்தில் கேரட்டுக்காக 22 சென்டிமீட்டர். கருப்பு மண் மெலிந்த உள் ஓரத்து ஆறு சாலுக்குச் சித்தப்பா லீவரை ஏற்றிவிடுவார், அங்கே பீன்ஸ். எந்த இடத்தில் ஏற்ற வேண்டும் என்பதற்கு வரப்பில் ஒரு மூங்கில் குச்சி நட்டுவைத்திருக்கிறோம்.