ஓட்ட நேர வரைபடம் தட்டையானால்

ஒரு சிறுவன் தினமும் ஒரு கிலோமீட்டர் ஓடி, ஆன நேரத்தைக் கட்டத்தாளில் புள்ளியாகக் குறித்து வந்தான். 6 நிமிடம் 30 விநாடியில் தொடங்கிய கோடு, ஆறு வாரத்தில் 5:40-க்கு இறங்கியது. பிறகு புள்ளிகள் 5:34-க்கும் 5:47-க்கும் இடையே தாவிக்கொண்டிருந்தன. ஒரு நாள் மகிழ்ச்சி, மறுநாள் ஏமாற்றம்.

இங்கே தனிப் புள்ளிகளை நம்பக் கூடாது. தூக்கம், வெயில், காற்று ஆகியவையே சில விநாடிகளை மாற்றிவிடும். ஏழு நாள் சராசரியை வேறு நிறத்தில் வரையுங்கள். அவன் வரைந்தபோது மூன்று வாரச் சராசரிகளும் 5:40-ஐ ஒட்டியே நின்றன. அதுதான் உண்மையான தேக்கம்.

காரணம் பெரும்பாலும் எளிது: தினமும் அதே தூரம், அதே வேகம். உடல் அதற்குப் பழகிவிடுகிறது. அவன் தினமும் நேரம் பார்ப்பதை விட்டான். வாரத்தில் மூன்று நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம். ஒரு நாள் 400 மீட்டரை நான்கு முறை வேகமாக, இடையில் நன்றாக நடந்து. நேரச் சோதனை வாரம் ஒருமுறை, அதே பாதையில், அதே வேளையில். நான்காம் வாரப் புள்ளி 5:31. பழைய சிதறலுக்கு வெளியே விழுந்த முதல் புள்ளி அது. ஆனாலும் அடுத்த இரண்டு சோதனைகளும் அதே பக்கம் விழுந்த பிறகே முன்னேற்றம் என்று எழுதினான்.

கோடு மேலே ஏறி, களைப்பும் தூக்கக் குறைவும் சேர்ந்தால் அது தேக்கமல்ல, ஓய்வு தேவை.