செத்த கரப்பானை எண்ணாதீர்கள்

கரப்பானுக்கு மருந்து வைத்த மறுநாள் காலையில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். விளக்குமாற்றை எடுத்து, மல்லாந்து கிடப்பவற்றைக் கூட்டித் தள்ளிவிட்டு, எத்தனை என்று எண்ணுவார்கள். முப்பது கிடந்தால் நல்ல மருந்து, இரண்டே இரண்டு கிடந்தால் ஏமாற்று வேலை. ஸ்பிரேக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரி. ஐஜிஆர் எனப்படும் பூச்சி வளர்ச்சிக் கட்டுப்படுத்திகளுக்கு இது கொஞ்சமும் பொருந்தாது. வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தை நடுவிலேயே நிறுத்திவிட வைப்பது பெரும்பாலும் இந்த எண்ணிக்கைதான்.

கடையில் வாங்கும் ஸ்பிரேயில் பெரும்பாலும் இருப்பது சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு. அது பூச்சியின் நரம்பைத் தாக்கும். சில நிமிடங்களில் கால்கள் இழுத்துக்கொள்ளும். ஐஜிஆர் நரம்புப் பக்கமே போகாது. பூச்சியின் உடம்பில் இளமை ஹார்மோன் என்று ஒன்று உண்டு. அது நிறைய இருக்கும்வரை குஞ்சு தோலுரித்தாலும் குஞ்சாகவே இருக்கும். அது குறைந்தால்தான் அடுத்த தோலுரிப்பில் முதிர்ந்த பூச்சியாக மாறும். ஹைட்ரோபிரீன், மெத்தோபிரீன், பைரிப்ராக்சிஃபென் எல்லாம் இந்த ஹார்மோனைப் போல நடிப்பவை. குறைய வேண்டிய நேரத்தில் குறைய விடாமல் கெடுப்பதுதான் இவற்றின் வேலை. டைஃப்ளுபென்சூரான் வகை வேறு மாதிரி: புதுத் தோலுக்குத் தேவையான கைட்டின் உருவாவதைத் தடுக்கும், பூச்சி தோலுரிக்கும்போதே மாட்டிக்கொண்டு சாகும். இந்தக் கட்டுரையில் முதல் வகையைப் பற்றித்தான் பேசப்போகிறேன், ஏனென்றால் குழப்பம் அதிகம் வருவது அதில்தான்.

சமையலறையில் தொல்லை தரும் சின்ன, பழுப்பு ஜெர்மன் கரப்பானை எடுத்துக்கொள்வோம். ஒரு முட்டைப் பையில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். பெண் கரப்பான் அதை ஏறக்குறைய பொரியும்வரை வாலில் சுமந்துகொண்டே திரியும். பொரிந்த குஞ்சு ஐந்தாறு முறை தோலுரித்து முதிர்வதற்கு இரண்டு மாதம்போல ஆகலாம். ஹைட்ரோபிரீன் பட்ட சின்னக் குஞ்சுக்கு உடனே ஒன்றும் ஆகாது. வழக்கம்போல தின்னும், ஓடும், தோலுரிக்கும். கோளாறு தெரிவது கடைசித் தோலுரிப்பில்தான். இறக்கை முறுக்கிக்கொண்டு, வழக்கத்தைவிடக் கருத்த நிறத்தில், முட்டையிட லாயக்கில்லாத ஒரு முதிர்ந்த கரப்பான் வெளியே வரும். அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்த வம்சம் இல்லை.

இதனால் வரும் முதல் தவறு, ஐஜிஆரை மட்டும் வைத்துவிட்டுக் காத்திருப்பது. ஏற்கெனவே முதிர்ந்து முட்டை சுமக்கும் பெண்களை அது பெரிதாகப் பாதிக்காது. அவற்றைக் கொல்ல, தின்றதும் சாகடிக்கும் ஜெல் இரை வேண்டும். இரை முதிர்ந்தவற்றைக் குறைக்கும், ஐஜிஆர் தப்பிய குஞ்சுகளை மலடாக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முடியும்.

இரண்டாவது தவறு இதைவிட மோசம். பொறுமை இழந்து, மூன்றாம் நாள் இரவு ஒரு கரப்பானைப் பார்த்ததும், இரை வைத்த இடத்தின் மேலேயே ஸ்பிரே அடிப்பது. பைரித்ராய்டு கரப்பானை விரட்டும் தன்மை உடையது. அது பட்ட ஜெல்லைக் கரப்பான் தொடாது. அதோடு, ஒளிந்திருந்தவை சிதறி அடுத்த அறைக்கும் சுவர் இடுக்குக்கும் போய்விடும். நானும் ஒருமுறை அவசரப்பட்டுச் செய்திருக்கிறேன். சமையலறையில் மட்டும் இருந்த தொல்லை பத்து நாளில் துணி அலமாரிக்கு வந்து சேர்ந்தது. அப்புறம், பைரித்ராய்டைத் தாங்கப் பழகிய ஜெர்மன் கரப்பான்கள் இப்போது ஏராளம். ஸ்பிரேயில் விழுபவை பலவீனமானவை, மிஞ்சுபவை அடுத்த தலைமுறையைப் பெற்றெடுப்பவை.

சரி, செத்ததை எண்ணக் கூடாதென்றால் எதை எண்ணுவது? ஒட்டு அட்டையில் மாட்டியவற்றை, அதுவும் குஞ்சு எத்தனை, முதிர்ந்தது எத்தனை என்று பிரித்து எண்ணுங்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். தொடங்கும் இரவில் நான்கு அட்டைகளில் மொத்தம் 40 சிக்குகின்றன. 32 குஞ்சு, 8 முதிர்ந்தவை. ஆறு வாரம் கழித்து அதே இடங்களில் 10. 3 குஞ்சு, 7 முதிர்ந்தவை. “பெரிய கரப்பான் அப்படியேதானே இருக்கிறது” என்று வீட்டில் சண்டை வரும். ஆனால் அந்த ஏழில் நான்கின் இறக்கை முறுக்கியிருந்தால், அவை அன்றைய குஞ்சுகள்தான். குஞ்சுகள் குறைந்து, முறுக்கிய இறக்கைகள் தென்பட்டால் மருந்து பிடித்துவிட்டது. மாறாக, நேரான இறக்கையும் பொடிக் குஞ்சும் தொடர்ந்து வந்தால் மருந்து படாத ஒரு இடுக்கு எங்கோ இருக்கிறது. குளிர்பதனப் பெட்டியின் மோட்டார் பகுதியை முதலில் பாருங்கள்.

கொசு விஷயத்திலும் இதே தவறு வேறு வேடத்தில் வரும். தண்ணீர்த் தொட்டியில் பைரிப்ராக்சிஃபென் குருணை போட்டு நான்கு நாள் கழித்து மூடியைத் திறந்தால் புழுக்கள் துள்ளிக்கொண்டிருக்கும். மருந்து போலி என்று முடிவு கட்டிவிடுவார்கள். புழு சாக வேண்டிய மருந்தே இல்லை இது. புழு கூட்டுப்புழுவாகி, அந்தக் கட்டத்திலோ கொசுவாக வெளிவரும்போதோ சாகும். பாதி உடல் கூட்டுக்குள் சிக்கியபடி தண்ணீர்மேல் மிதக்கும் கொசுவைப் பார்த்தால் அதுதான் அடையாளம்.

சோதிக்க எளிய வழி உண்டு. கமா வடிவில் வளைந்திருக்கும் கூட்டுப்புழுக்கள் இருபதை, அதே தொட்டித் தண்ணீரோடு ஒரு கிண்ணத்தில் எடுத்து, வலைத் துணி கட்டி, மூன்று நாள் நிழலில் வையுங்கள். ஒன்றிரண்டு பறந்தால் பரவாயில்லை. பத்துப் பதினைந்து பறந்தால் அளவு போதவில்லை, அல்லது மருந்து தீர்ந்துவிட்டது. மருந்து போட்ட மறுநாளே இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதற்கு முன்பே கூட்டுப்புழுவானவை தப்பித்துப் பறக்கத்தான் செய்யும். ஒரு வாரம் விடுங்கள்.

அளவை ஒரு கைப்பிடி என்று போடுவதும் வழக்கமான தவறு. பைரிப்ராக்சிஃபெனுக்கு உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். 0.5 சதவீதக் குருணை என்றால் 1000 லிட்டர் தொட்டிக்கு 2 கிராம், 200 லிட்டர் டிரம்முக்கு 0.4 கிராம். நகை எடை போடும் சின்னத் தராசு இருந்தால் நல்லது. குடிநீருக்கு என்று அனுமதிக்கப்பட்ட தயாரிப்புதானா என்பதை லேபிளில் பார்த்த பிறகே போடவும். தொட்டியைத் தேய்த்துக் கழுவினால் மருந்தும் போய்விடும். திரும்பப் போட வேண்டும்.

இளமை ஹார்மோன் மனிதருக்குக் கிடையாது என்பதால், நரம்பைத் தாக்கும் மருந்துகளைவிட இவை நமக்குச் சாந்தமானவை. ஆனால் இறாலுக்கும் நண்டுக்கும் அப்படியல்ல. அவையும் தோலுரித்தே வளர்கின்றன. மிச்சக் குருணையைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள்.