கிராஃப் தாளில் கட்டத்தை நீக்கி வளைவை மட்டும் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கட்டம் அப்படியே இருக்கிறது, வளைவைத்தான் காணோம்." கிராஃப் தாளைப் போட்டோ எடுத்துக் கட்டக் கோடுகளை நீக்க முயல்பவர்கள் முதல் நாளில் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் இதுதான். படம் ஆடிப்போவது, ஓரம் வெட்டுப்படுவது போன்றவை பார்த்ததும் தெரிந்துவிடும். அவற்றை இங்கே பேசப்போவதில்லை. பார்த்தால் தெரியாமல் கடைசிப் படத்தைக் கெடுப்பவை வேறு.

எடுத்துக்காட்டுக்கு ஒரே தாளை வைத்துக்கொள்வோம். காவி நிற மில்லிமீட்டர் கட்டம். அதன்மேல் சிலிக்கான் டையோடின் மின்னழுத்த மின்னோட்ட வளைவு, பென்சிலால் வரைந்தது. சுமார் 0.6 வோல்ட் வரை கிடை அச்சை ஒட்டியே ஊர்ந்து, பிறகு திடீரென்று கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறும். கட்டம் நீக்குகிறவருக்கு இதைவிடப் பொல்லாத வளைவு கிடைக்காது.

## முதல் வேலையாகப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிற தவறு இது. வளைவு சாம்பல், கட்டம் காவி. இரண்டையும் பிரித்துக் காட்டுவது நிறம் ஒன்றுதான். கிரேஸ்கேலாக்கும் அந்த ஒரு சொடுக்கில் அது போய்விடுகிறது. அதற்குப் பிறகு எந்த மென்பொருளைத் திறந்தாலும் பயனில்லை.

எண்களில் பார்த்தால் விளங்கும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தில் தாளின் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகள் 240, 238, 230 என்று வைத்துக்கொள்ளுங்கள். காவிக் கோடு 235, 150, 110. கை அழுத்தாமல் இழுத்த பென்சில் கோடு 165, 165, 168. கிரேஸ்கேலாக்கும்போது வழக்கமாக நடக்கும் கணக்கு இது:

```
Y = 0.299 R + 0.587 G + 0.114 B
```

காவிக் கோட்டுக்கு 171 வரும், பென்சிலுக்கு 165. வித்தியாசம் ஆறே படிகள். கேமராவின் இரைச்சலே அதை விழுங்கிவிடும். அடுத்து ஓர் எண்ணை எல்லையாக வைத்து, அதற்குக் கீழே உள்ளதைக் கறுப்பாகவும் மேலே உள்ளதை வெள்ளையாகவும் வெட்ட வேண்டும். எந்த எண்ணில் வெட்டினாலும் இரண்டும் சேர்ந்து நிற்கும், அல்லது சேர்ந்து போகும்.

இப்போது அதே மூன்று எண்களில் சிவப்பை மட்டும் பாருங்கள். தாள் 240, கோடு 235, பென்சில் 165. கட்டம் தாளோடு கரைந்துவிட்டது. பென்சில் எழுபது படி கீழே தனியாக நிற்கிறது. காவி மை சிவப்பு ஒளியைத் தாளைப் போலவே திருப்பி அனுப்புகிறது, பென்சில் கரி எல்லா ஒளியையும் ஒரேபோல விழுங்குகிறது. இந்த வேலை நடப்பது இதனால்தான். சிவப்புச் சேனலைத் தனியே எடுத்ததுமே முக்கால்வாசி முடிந்துவிட்டது.

கிம்ப்பில் இதற்கு `Colors → Components → Extract Component` என்று போய் `RGB Red` தேர்ந்தெடுத்தால் போதும். ஓபன்சிவியில் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது, அது சேனல்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைக்கிறது. முதல் சேனல்தான் சிவப்பு என்று எண்ணி 0-வது சேனலை எடுத்தால் கையில் வருவது நீலம். அதில் காவிக் கோடு 110, பென்சில் 168. அதாவது கட்டம் வளைவைவிடக் கறுப்பாக இருக்கும். கட்டம் போகாததோடு இன்னும் அழுத்தமாகத் தெரிந்தால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இதே தவறு வேறு வேடத்திலும் வரும். கைபேசியின் ஸ்கேன் செயலிகளில் ஆவணங்களுக்கென்று ஒரு கறுப்பு வெள்ளை முறை இருக்கும். படம் பளிச்சென்று தெரிகிறதே என்று அதை அழுத்திவிட்டு, மூலப் படத்தை அழித்தும் விடுகிறார்கள். நிறம் இழந்த படத்தில் இனிச் செய்ய எதுவும் இல்லை; தாள் கையில் இருந்தால் மறுபடியும் போட்டோ எடுக்க வேண்டியதுதான். தாளைப் பரிசோதகரிடம் கொடுத்துவிட்ட பிறகு இது தெரியவந்தால் வளைவைத் திரும்ப வரைய வேண்டும்.

சிவப்பைச் சரியாகப் பிரித்தவர்களும் அடுத்த படியில் `adaptiveThreshold` போட்டுக் கெடுப்பதுண்டு. அது ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்துச் சராசரியோடு ஒப்பிடுகிறது. அக்கம்பக்கத்துக்கு 11 பிக்சல் சன்னலும் 2 என்ற கழிவும் கொடுத்தால், சராசரியைவிட வெறும் மூன்று நான்கு படி கீழே இருக்கும் 235-ம் முழுக் கறுப்பாகிவிடும். கரைந்துபோன கட்டத்தைத் தேடிப்பிடித்து மீட்டுத் தரும் கருவி அது. அச்செழுத்துக்கு நல்லது, இங்கே ஆகாது.

## சிவப்புப் பேனாவால் வரைவது

காவிக் கட்டத்தில் வேண்டாம். ஏற்கெனவே வரைந்துவிட்டிருந்தால் பச்சைச் சேனலை எடுத்து, மிகத் தாழ்ந்த இடத்தில் வெட்டுங்கள். கட்டம் 150-ஐச் சுற்றி நிற்கும், அழுத்தமான சிவப்பு மை அதற்கு வெகு கீழே இருக்கும். மெல்லிய கோடுகள் தப்பாது.

பச்சைக் கட்டம் என்றால் பச்சைச் சேனல். ஆனால் அச்சுப் பச்சை தூய பச்சை இல்லை, கட்டம் முழுதாகக் கரையாது. நீலப் பேனா அதில் போதுமான அளவு கறுப்பாகத் தெரியும், மங்கிய பென்சிலோடு கொஞ்சம் போராட வேண்டியிருக்கும்.

## நிழலோடு சேர்த்து வெட்டுவது

சேனல் சரி. ஆனால் போட்டோ எடுத்தவரின் கை நிழல் தாளின் ஒரு மூலையில் விழுந்திருக்கிறது. அங்கே தாளின் மதிப்பே 150. படம் முழுவதற்கும் 200 என்று வெட்டினால் அந்த மூலை மொத்தமும் கறுப்புத் திட்டாகும். மதிப்பை 140-க்கு இறக்கினால் வெளிச்சப் பகுதியில் 165-ல் இருக்கும் பென்சில் மறைந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணைத் தேடிப் பொழுதைக் கழிப்பவர்கள் நிறைய. அப்படி ஓர் எண் இல்லை.

நிழல் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது. ஆகவே கழிக்காமல் வகுக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியையும் அந்த இடத்துத் தாளின் மதிப்பால் வகுத்தால், வெளிச்சத்தில் 165/240, நிழலில் 103/150. இரண்டும் 255-க்கு ஏறக்குறைய 175 என்றே வரும். காவிக் கட்டம் 250-ல் நிற்கும். நடுவில் 215-ல் தாராளமாக வெட்டலாம்.

```python
import cv2
img = cv2.imread("graph.jpg")
b, g, r = cv2.split(img)
bg = cv2.medianBlur(r, 101)
flat = cv2.divide(r, bg, scale=255)
_, out = cv2.threshold(flat, 215, 255, cv2.THRESH_BINARY)
cv2.imwrite("curve.png", out)
```

இதில் 101 என்பது மில்லிமீட்டருக்குப் பத்து பிக்சல் உள்ள படத்துக்கான அளவு, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அந்தச் சன்னலுக்குள் கோடுகளைவிட வெறும் தாள் அதிகம் என்பதால் நடு மதிப்பு தாளின் மதிப்பாகவே வரும். வேகமாக ஓடட்டும் என்று 5 அல்லது 7 போட்டால் வளைவே தனக்குப் பின்னணியாகிவிடும். தன்னைத் தானே வகுத்து 255 ஆகி மறையும், அல்லது நடுவில் குழிந்த இரட்டைக் கோடாக வரும். மேசையின் ஓரம் படத்தில் இருந்தால் முதலிலேயே வெட்டி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் விளிம்பில் கறுப்புப் பட்டை வரும்.

கிம்ப்பில் அடுக்கை நகலெடுத்து, மேலுள்ளதை நன்றாகக் கலங்கலாக்கி, அதன் முறையை `Divide` என்று மாற்றினால் ஏறக்குறைய இதே பலன்.

## நேர்கோடுகளைத் தேடி அழிப்பது

"கட்டம் என்றால் நேர்கோடு. நீளமான நேர்கோடுகளைக் கண்டுபிடித்து அழித்தால் மிச்சம் வளைவுதானே?" கேட்க நன்றாக இருக்கிறது. நம் டையோடைப் போட்டுப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால் முதல் ஆறு சென்டிமீட்டர், அதாவது 600 பிக்சல், கிட்டத்தட்டக் கிடைக்கோடு. அதற்குப் பிறகு வருவது செங்குத்துக்கோடு. 40 பிக்சல் நீளத் தேடல் இரண்டையும் கட்டம் என்றே எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது முழங்கால் வளைவு மட்டும்.

வளைவு தப்பிய இடங்களிலும் காயம் இருக்கும். கட்டக் கோடு அதைக் குறுக்கிடும் ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் ஓர் ஓட்டை விழும். அதை நிரப்பும் கருவிகள் உண்டு. அவை நிரப்புவது ஊகத்தால், உங்கள் அளவீட்டால் இல்லை. போட்டோவில் தாள் லேசாக வளைந்திருந்தால் கட்டக் கோடே நேராக இருக்காது. அப்போது அழிய வேண்டியது தப்பிவிடும்.

## அரட்டைச் செயலி வழியே வந்த படம்

சிவப்பைப் பிரித்து, நிழலையும் வகுத்த பிறகும் பேய் மாதிரி ஒரு மங்கலான கட்டம் தெரிகிறதா? படம் எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள்.

சாதாரண ஜேபெக் படங்களில் வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாகவும், நிறம் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்றாகவும் பதிவாகிறது. 4000 பிக்சல் உயரப் படத்தில் கோடு இரண்டு மூன்று பிக்சல் தடிமனாக இருப்பதால் பாதகமில்லை. 1600-க்குச் சுருக்கி அனுப்பினால் அது ஒரு பிக்சலாக இளைக்கும். அப்போது கோட்டின் காவி நிறம் பக்கத்துத் தாளின் நிறத்தோடு பாதிக்குப் பாதி கலந்துவிடும். அதன் கருமை மட்டும் அப்படியே நிற்கும். திரும்பக் கணக்கிட்டால் சிவப்பு 235-க்குப் பதிலாகச் சுமார் 204 வரும். தாளால் வகுத்தால் 217. நம் வெட்டு மதிப்பு 215. சில கோடுகள் மேலே, சில கோடுகள் கீழே என்று விட்டுவிட்டுத் தெரிவது இதனால்தான்.

வந்த படத்தைப் பிஎன்ஜியாக மாற்றிச் சேமித்தால் போன நிறம் திரும்பாது. படத்தை ஆவணமாக, மூல அளவில் அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு வழியில்லையென்றால் 215-ஐ 200-க்கு இறக்கலாம். பென்சிலுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

## கட்டத்தை நீக்கிவிட்டுப் படத்தை நேராக்குவது

சாய்ந்து எடுத்த படத்தை நேராக்க ஆதாரம் அந்தக் கட்டம்தான். அதை முதலில் அழித்துவிட்டால் வெள்ளைப் பரப்பில் வளைவு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வண்ணப் படத்திலேயே 10 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் வரும் நான்கு கட்ட மூலைகளைக் குறித்து, `getPerspectiveTransform`, `warpPerspective` மூலம் அதை 1000-க்கு 1500 பிக்சலாக மாற்றுங்கள். அதற்குப் பிறகு சேனலைப் பிரிக்கலாம். நேராக்கிய வண்ணப் பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள், அளவு வாசிக்கத் தேவைப்படும்.

## ஃபிளாஷ்

போடாதீர்கள். பென்சில் கரி பளபளக்கும். வளைவு நடுவில் அறுந்து வரும்.

## தூசி துடைப்பது

சின்னப் புள்ளிகளையெல்லாம் நீக்கு என்று சொன்னால் நீங்கள் குறித்த அளவீட்டுப் புள்ளிகளும் போகும். முதலில் ஒரு புள்ளி எத்தனை பிக்சல் என்று எண்ணிவிட்டு, அதில் பாதிக்குக் கீழே உள்ளதை மட்டும் நீக்குங்கள்.

## கறுப்புக் கட்டத்தில் கறுப்புப் பேனா

இங்கே நிறம் உதவாது, மிஞ்சுவது தடிமன் ஒன்றுதான். கட்டக் கோடு 3 பிக்சல், பேனாக் கோடு 7 பிக்சல் என்றால் 5 பிக்சல் அளவில் `MORPH_CLOSE` செய்ய, மெல்லியது மறைந்து தடித்தது நிற்கும். சென்டிமீட்டருக்கு ஒன்றாக வரும் தடித்த கோடுகள் அப்போதும் மிச்சமிருக்கும். அவற்றைக் கையால் அழிக்க வேண்டும். நகலெடுத்த கிராஃப் தாளில் பென்சிலால் வரைந்திருந்தால் அதுவும் நடக்காது. வெள்ளைத் தாளை மேலே வைத்து, வெளிச்சத்தில் பிடித்து, வளைவை ஒற்றி எடுப்பது அதைவிடச் சீக்கிரம் முடியும்.